தண்ணீர், மின்சார பில்லைப் படத்திலிருந்து படித்துக் கணக்கைச் சரிபார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீடுகளில் மாதம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். எஸ்பி நிறுவனம் அனுப்பிய தண்ணீர், மின்சார பில்லைக் கொஞ்சம் சாய்வாக எடுத்த படம், கீழே "ஆளுக்கு இவ்வளவு" என்று ஒரு தொகை. அந்தப் படத்திலிருந்து விகிதத்தையும் யூனிட்டையும் பிரித்தெடுத்து, கட்டணத்தை நாமே மறுபடி போட்டுப் பார்ப்பது பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன. கொஞ்சம் பைத்தான் தெரிந்தால் போதும். தெரியாவிட்டாலும் கால்குலேட்டரில் இதே கணக்கைப் போடலாம்.

"யூனிட்டும் இருக்கிறது, விகிதமும் இருக்கிறது. பெருக்கினால் முடிந்ததே, இதில் என்ன சிக்கல்?"

மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் சிக்கலே இல்லை. வீடுகளுக்கு இவை ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விகிதம்தான், எவ்வளவு எரித்தாலும் மாறாது. `kWh` என்று போட்டிருக்கும் எண்ணை விகிதத்தால் பெருக்கினால் தொகை வந்துவிடும்.

தண்ணீர் அப்படியில்லை. அதற்கு இரண்டு ஸ்லாப் உண்டு: மாதம் 40 கனமீட்டர் வரை ஒரு விகிதம், அதற்கு மேல் போவதற்கு வேறு விகிதம். போதாததற்கு ஒரே தண்ணீருக்கு மூன்று வகைக் கட்டணம் இருக்கிறது. முதலாவது குடிநீருக்கான அடிப்படைக் கட்டணம். இரண்டாவது பில்லில் `Waterborne Fee` என்று வரும் கழிவுநீர்க் கட்டணம், இதுவும் கனமீட்டருக்கு இவ்வளவு என்றுதான். மூன்றாவது `Water Conservation Tax`. இது கனமீட்டர் கணக்கில் வராது, அடிப்படைக் கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்று வரும். கழிவுநீர்க் கட்டணத்தின்மீது இந்த வரி கிடையாது. சரிபார்ப்பவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்: இரண்டையும் கூட்டி அதன்மேல் வரியைப் போட்டுவிடுவார்கள்.

2018 ஜூலை முதல் 2024 மார்ச் வரை இருந்த விகிதத்தைப் பாருங்கள். முதல் 40 கனமீட்டருக்கு அடிப்படை 1.21 வெள்ளி, வரி 50 சதவீதம், கழிவுநீர் 0.92 வெள்ளி. 40க்கு மேல் போனதற்கு அடிப்படை 1.52, வரி 65 சதவீதம், கழிவுநீர் 1.18. எல்லையைத் தாண்டினால் மூன்றும் சேர்ந்து ஏறுகின்றன. பிறகு 2024 ஏப்ரலிலும் 2025 ஏப்ரலிலும் கட்டணம் உயர்ந்தது. இப்போது முதல் ஸ்லாப்பில் அடிப்படை 1.43, கழிவுநீர் 1.09. ஆகவே விகிதத்தை நினைவிலிருந்து எடுக்காதீர்கள். பில்லில் அச்சாகியிருப்பதையே எடுங்கள்.

"எங்கள் பில்லில் மின்சாரத்துக்கே இரண்டு வரிசை, இரண்டு விகிதம் இருக்கிறது. அப்போ அதுவும் ஸ்லாப்தானே?"

இல்லை, அது தேதிப் பிரிவு. எஸ்பியின் மின்கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் மாறும். உங்கள் பில் காலம் மார்ச் 12 முதல் ஏப்ரல் 11 வரை என்றால், மார்ச் பங்குக்கு பழைய விகிதம், ஏப்ரல் பங்குக்கு புதிய விகிதம். இரண்டு வரிசை வருவது அதனால்தான். சில்லறை மின்சார நிறுவனத்திடம் ஒப்பந்தம் போட்டவர்களுக்கு ஒப்பந்த விகிதம் என்பதால் பெரும்பாலும் இது வராது.

நிரல் எழுதுபவர் இதை ஸ்லாப் என்று எடுத்துக்கொண்டு "முதல் இத்தனை யூனிட் மலிவு" என்று அட்டவணை போட்டுவிட்டால், அந்த மாதக் கணக்கு சரியாகவே வரும். அடுத்த மாதம்தான் உடையும். அடையாளம் காண்பது எளிது: ஸ்லாப் என்றால் முதல் வரிசையின் யூனிட் 40 மாதிரி ஒரு முழு எல்லையில் நிற்கும். தேதிப் பிரிவில் இரண்டு வரிசையிலும் ஒழுங்கற்ற எண்கள்தான் இருக்கும். ஏப்ரலில் தண்ணீர்க் கட்டணம் உயர்ந்த வருடங்களில் தண்ணீர்ப் பகுதியிலும் இதே மாதிரி தேதிப் பிரிவு வரலாம், கவனம்.

"படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் நிரலில் போட்டால் எண்கள் கன்னாபின்னா என்று வருகின்றன. என்ன செய்வது?"

முதலில் படத்தை விடுங்கள், பிடிஎஃப் கிடைக்குமா என்று கேளுங்கள். மின்னஞ்சலில் வரும் பில்லில் எழுத்துகள் எழுத்தாகவே இருக்கும், படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் வேலை, அதாவது ஓசிஆர், தேவைப்படாது. அது முடியாது, படம்தான் இருக்கிறது என்றால், அனுப்புபவரிடம் வாட்ஸ்அப்பில் படமாக இல்லாமல் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். அதில் முதலில் காணாமல் போவது தசமப் புள்ளிதான்.

அப்புறம் படத்தை நேராக்கி, தண்ணீர்ப் பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். முழுப் பக்கத்தையும் கொடுத்தால் பயன்பாட்டு வரைபடம், விளம்பரம் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துக் குழப்பும். வெட்டிய துண்டுக்கு இந்தக் கட்டளை போதும்:

```
tesseract water.png out --psm 6 -c preserve_interword_spaces=1
```

`--psm 6` என்பது இதை ஒரே சீரான எழுத்துத் தொகுதியாக எடுத்துக்கொள் என்று சொல்வது. அது இல்லாவிட்டால் யூனிட், விகிதம், தொகை என்ற மூன்று நெடுவரிசையையும் தனித்தனிப் பத்தியாகப் பிரித்து, எந்த எண் எந்த வரிசையுடையது என்றே தெரியாமல் செய்துவிடும். இன்னொன்று: விளக்கு வெளிச்சம் தாளில் பட்டுப் பளபளக்கும் படத்தை எந்த வடிகட்டியாலும் காப்பாற்ற முடியாது. வேறு படம் கேட்பதுதான் நேரம் மிச்சம்.

"சரி, தப்பாகப் படித்திருக்கிறது என்பதே எனக்கு எப்படித் தெரியும்?"

இங்கேதான் பில் நமக்கு உதவுகிறது. ஒவ்வொரு வரிசையிலும் யூனிட், விகிதம், தொகை என்று மூன்று எண்கள் இருக்கின்றன, முதல் இரண்டின் பெருக்கல் மூன்றாவது. ஒன்றைத் தப்பாகப் படித்தால் பெருக்கல் இடிக்கும். ஓசிஆர் தரும் நம்பிக்கைச் சதவீதத்தைவிட இந்தப் பெருக்கலை நான் அதிகம் நம்புவேன், ஏனென்றால் 3ஐ 8 என்று படிக்கும்போதும் ஓசிஆர் 90க்கு மேல் நம்பிக்கை காட்டும்.

ஒரு எடுத்துக்காட்டு. அடிப்படைக் கட்டண வரிசையில் ஓசிஆர் 13.4 யூனிட், 1.43 விகிதம், 26.31 தொகை என்று தருகிறது. 13.4ஐ 1.43ஆல் பெருக்கினால் 19.16தான், இடிக்கிறது. மூன்றில் எது தப்பு? விகிதம் தெரிந்த விகிதம். தொகையை விகிதத்தால் வகுத்தால் 18.3986, அதாவது 18.4. இப்போது கழிவுநீர்க் கட்டண வரிசைக்குப் போங்கள். அங்கே தொகை 20.06, விகிதம் 1.09. வகுத்தால் 18.404. ஒரே தண்ணீர் என்பதால் இரண்டு வரிசையிலும் யூனிட் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், இருக்கிறது. ஆக யூனிட் 18.4, ஓசிஆர் 8ஐ 3 என்று படித்திருக்கிறது. அடுத்து மீட்டர் அளவு இருக்கிறதா பாருங்கள்: இப்போதைய அளவிலிருந்து முந்தைய அளவைக் கழித்தாலும் இதே எண்ணை ஒட்டி வர வேண்டும்.

தசமப் புள்ளி விழுந்த எண்ணுக்கும் இதே வைத்தியம்தான். `12100` என்று வந்தால் அது 1.2100. ஆனால் புள்ளியை நீங்களாக எங்காவது வைக்காதீர்கள். பெருக்கல் பொருந்தும் இடம் ஒன்றுதான் இருக்கும், அங்கே வையுங்கள். எந்த இடத்திலும் பொருந்தவில்லை என்றால் படத்தைக் கண்ணால் பாருங்கள். அந்த ஒரு வரிசைக்காக நிரலை மெருகேற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

"40ஐத் தாண்டிய பில்லை முழுசாகப் போட்டுக் காட்ட முடியுமா? எங்கள் வீட்டில் எல்லா யூனிட்டையும் அதிக விகிதத்தில் போட்டுப் பங்கு கேட்கிறார்கள்."

இந்தச் சண்டை அடிக்கடி வருகிறது. ஆறு பேர் இருக்கும் வீடு, 2023இல் ஒரு மாத பில், 46.2 கனமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பங்கு பிரித்தவர் "40ஐத் தாண்டிவிட்டது, அதனால் மூன்றும் சேர்த்து 3.69 விகிதம்" என்று 46.2ஐ 3.69ஆல் பெருக்கி 170.48 வெள்ளி என்கிறார். ஆளுக்கு 28.41.

அது தப்பு. தாண்டிய 6.2 கனமீட்டருக்கு மட்டும்தான் அதிக விகிதம், முதல் 40 எப்போதும் முதல் ஸ்லாப் விகிதத்திலேயே இருக்கும்.

முதல் 40க்கு அடிப்படை 40 × 1.21 = 48.40. அதில் 50 சதவீத வரி 24.20. கழிவுநீர் 40 × 0.92 = 36.80. மொத்தம் 109.40.

மீதி 6.2க்கு அடிப்படை 6.2 × 1.52 = 9.42. அதில் 65 சதவீத வரி 6.12. கழிவுநீர் 6.2 × 1.18 = 7.32. மொத்தம் 22.86.

இரண்டையும் கூட்டினால் 132.26, ஆளுக்கு 22.04. பொருள் சேவை வரி இதற்கு மேல். வித்தியாசம் ஆளுக்கு ஆறு வெள்ளிக்கும் அதிகம். எதிர்ப்பக்கம் தப்பு செய்பவர்களும் உண்டு: எல்லாவற்றையும் மலிவு விகிதத்தில் போட்டால் 126.35 வரும், பில் கட்டுபவர் கையிலிருந்து கிட்டத்தட்ட ஆறு வெள்ளி போகும்.

நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```python
from decimal import Decimal as D, ROUND_HALF_UP

def s(x):
    return x.quantize(D("0.01"), ROUND_HALF_UP)

SLABS = [
    (D("40"), D("1.21"), D("0.50"), D("0.92")),
    (None,    D("1.52"), D("0.65"), D("1.18")),
]

def water(units):
    total, low = D("0"), D("0")
    for upto, rate, tax, fee in SLABS:
        top = units if upto is None else min(units, upto)
        q = top - low
        base = s(q * rate)
        total += base + s(base * tax) + s(q * fee)
        low = top
    return total

print(water(D("46.2")))   # 132.26
```

`SLABS`இல் இருக்கும் எண்களை மட்டும் உங்கள் பில்லில் உள்ளபடி மாற்றுங்கள். அதற்கு முன் இப்படியே ஓடவிட்டு 40, 40.1 இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். 40க்கு 109.40, 40.1க்கு 109.77 வர வேண்டும். தொகை திடீரென்று எகிறினால் எல்லா யூனிட்டையும் அடுத்த ஸ்லாப்புக்குத் தள்ளியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

"ஒன்றிரண்டு காசு இடிக்கிறது. விடலாமா, துரத்தலாமா?"

ஒன்றிரண்டு காசு என்றால் விடலாம், அது எந்தப் படியில் முழுமையாக்குகிறார்கள் என்பதன் விளைவு. மேலே உள்ள நிரல் ஒவ்வொரு வரிசையையும் தனியாகக் காசுக்கு முழுமையாக்குகிறது. `float` பயன்படுத்தாமல் `Decimal` எடுத்ததும் இதனால்தான். 26.31இல் பாதி 13.155. இதை 13.16 ஆக்க வேண்டிய இடத்தில் `float` சில சமயம் 13.15 என்று தரும்.

எட்டு, ஒன்பது காசு இடித்தால் காரணம் பெரும்பாலும் வேறு. நீங்கள் 3.24 என்ற கூட்டு விகிதத்தைப் பயன்படுத்தியிருப்பீர்கள். தண்ணீர் வாரியமான பியுபியின் அறிவிப்பிலும் செய்தித்தாளிலும் வரும் "கனமீட்டருக்கு 3.24 வெள்ளி" என்பது ஏற்கெனவே முழுமையாக்கிய எண். உண்மையில் 1.43, அதில் பாதி 0.715, கழிவுநீர் 1.09 சேர்த்தால் 3.235. மேலே சொன்ன 18.4 கனமீட்டரை 3.24ஆல் பெருக்கினால் 59.62. வரிசை வரிசையாகப் போட்டால் 59.53. ஒன்பது காசு வித்தியாசம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

"பொருள் சேவை வரி, `U-Save` தள்ளுபடி இதெல்லாம்?"

கடைசியில் தனியாகப் பாருங்கள். பொருள் சேவை வரி 2022 வரை 7, 2023இல் 8, 2024 முதல் 9 சதவீதம். எந்தத் தொகையின்மீது என்பதை நீங்களாக ஊகிக்காமல் பில்லில் இருப்பதை எடுங்கள். `U-Save` வருவது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் பில்களில். அது கழிக்க வேண்டிய தொகை. கழித்தல் குறி சின்னக் கோடு என்பதால் ஓசிஆர் அதை விழுங்கிவிடும், நிரல் கூட்டிவிடும். உங்கள் மொத்தம் பில் மொத்தத்தைவிட, தள்ளுபடியைப்போல் சரியாக இரண்டு மடங்கு அதிகமாக இருந்தால் குறி தொலைந்திருக்கிறது.

"கணக்கு காசு பிசகாமல் வருகிறது. ஆனாலும் தண்ணீருக்கு இவ்வளவு வரக் காரணமே இல்லை!"

பெருக்கல் சரி என்றால் பெருக்கல் சரி, அவ்வளவுதான். யூனிட்டே தப்பாக இருந்தாலும் கணக்கு பொருந்தும். தண்ணீர் மீட்டரை வழக்கமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் நேரில் படிப்பார்கள், இடைப்பட்ட மாதம் பழைய பயன்பாட்டை வைத்து மதிப்பிட்ட எண். அது குறைவாக இருந்தால் விடுபட்டது அடுத்த மாதத்தில் சேர்ந்து வரும், ஒரே மாதத்தில் கொட்டியதுபோல் தெரியும். எனவே ஒரு பில்லை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் அடுத்தடுத்த இரண்டைக் கூட்டிப் பாருங்கள். நேரே மீட்டரையும் போய்ப் படமெடுங்கள். கறுப்பு எண்கள் கனமீட்டர். சிவப்பில் இருப்பது அதற்கும் கீழான பின்னம், பில்லோடு ஒப்பிட அது வேண்டாம்.

யூனிட்டும் உண்மை என்றால் அளவு நியாயமா என்று பாருங்கள். அந்த 46.2 கனமீட்டர் என்பது ஒரு நாளைக்கு 1,540 லிட்டர், ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 257. 2023இல் சிங்கப்பூரில் வீட்டுப் பயன்பாட்டுச் சராசரி ஆளுக்கு 141 லிட்டர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்றால், யார் நிறைய நேரம் குளிக்கிறார்கள் என்று சண்டை போடுவதற்கு முன்னால் கழிப்பறைத் தொட்டியைப் பாருங்கள். தொட்டியில் கொஞ்சம் உணவு நிறத்தைக் கலந்து, யாரும் தண்ணீர் இழுத்துவிடாமல் அரை மணி நேரம் விடுங்கள். கீழே பீங்கானில் நிறம் இறங்கியிருந்தால் ஒழுகுகிறது.

"ஊரில் அம்மா வீட்டு மின்கட்டணத்தையும் நான்தான் இங்கிருந்து கட்டுகிறேன். இதே நிரலில் விகிதத்தை மட்டும் மாற்றினால் போதுமா?"

தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்குப் போதாது. அங்கே ஸ்லாப் அட்டவணை ஒன்று இல்லை, இரண்டு. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் ஓர் அட்டவணை, 500ஐத் தாண்டினால் வேறு அட்டவணை. 2024 ஜூலை விகிதப்படி 500க்குள் என்றால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. தாண்டிவிட்டால் முதல் 100 அப்போதும் இலவசம், ஆனால் 2.35 என்ற ஸ்லாப்பே காணாமல் போய் 101 முதல் 400 வரை முழுவதும் 4.70. 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, அதற்கு மேலும் ஏறிக்கொண்டே போகும்.

500 யூனிட்டுக்கு 235 + 940 + 630 = 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,410 + 630 + 8.40 = 2,048.40 ரூபாய். ஒரு யூனிட்டுக்கு 243.40 ரூபாய்! சிங்கப்பூர்த் தண்ணீர்க் கணக்கில் இப்படி எகிறினால் நிரலில் பிழை என்று சொன்னேன், அங்கே எகிறாவிட்டால்தான் பிழை. ஆகவே நிரலில் முதலில் மொத்த யூனிட்டைப் பார்த்து அட்டவணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகுதான் ஸ்லாப் ஸ்லாப்பாகப் பிரிக்க வேண்டும்.

இதனால் படத்திலிருந்து யூனிட்டை எடுக்கும்போதும் கூடுதல் கவனம் வேண்டும். வீட்டில் வைத்திருக்கும் மீட்டர் அட்டையில் கணக்கெடுக்க வந்தவர் பேனாவால் எழுதிய எண்கள்தான் இருக்கும், ஓசிஆர் அங்கே செல்லாது. அம்மாவிடம் கடைசி இரண்டு வரியைப் போனில் வாசிக்கச் சொல்லி, இரண்டு அளவுகளையும் கழித்து யூனிட்டைச் சரிபாருங்கள். விடை 490க்கும் 510க்கும் நடுவில் வந்தால் மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.